கண் சிவந்து நீர் வழிய, நொடிகளில் வந்துபோகும் தலைவலி

பக்கவாட்டில் ஒரே ஒரு பக்கம், பெரும்பாலும் கண்ணைச் சுற்றியோ நெற்றியிலோ பொட்டிலோ சுரீரென்று குத்தும் வலி. அதே பக்கத்துக் கண் சிவந்து பொலபொலவென நீர் வழிவது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கிவிடுவது. அரை மணி நேரத்தில் மறுபடி அதே வலி. இப்படி ஒரு நாளில் பத்து முறையும் வரலாம், நூறு முறைக்கு மேலும் வரலாம். மருத்துவத்தில் இதற்குச் ‘சங்க்ட்’ என்று பெயர். குறுகிய நேரமே நீடிக்கிற, ஒரு பக்கம் மட்டும் வருகிற, நரம்பு வலி போன்ற தலைவலியோடு கண் சிவப்பும் கண்ணீரும் சேர்ந்திருப்பதைக் குறிக்கும் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துச் சுருக்கம் இது. இதன் உடன்பிறப்பு ‘சூனா’. அதிலும் வலி இதே போலத்தான் இருக்கும். ஆனால் கண் சிவப்பு, கண்ணீர் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. ஏதேனும் ஒன்று மட்டும் இருக்கும், அல்லது இரண்டும் இல்லாமல் மூக்கடைப்பு, மூக்கொழுகல், இமை வீக்கம், இமை தொங்குதல், நெற்றி வியர்வை போன்ற வேறு அறிகுறி இருக்கும்.

இவை அரிய நோய்கள். ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு ஏழு பேருக்கும் குறைவாகவே இரண்டும் சேர்ந்து காணப்பட்டன. நடுவயதில் தொடங்குவதே வழக்கம். அரிதாக இருப்பதாலேயே பலருக்குச் சரியான பெயர் கிடைக்கத் தாமதமாகிறது. கண் சிவப்பதால் கண் மருத்துவரிடமும், மூக்கு அடைப்பதால் சைனஸ் சிகிச்சைக்கும், கன்னம் வரை வலி இறங்குவதால் பல் மருத்துவரிடமும் நோயாளி போகிறார். நோய் இல்லாத பல்லைப் பிடுங்கிக்கொண்ட பிறகும் வலி தொடர்வது இந்த நோயில் புதிதல்ல.

நார்வே நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட் 1978இல் இத்தகைய ஒரு நோயாளியைப் பற்றி முதன்முதலில் எழுதினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அவர் இன்னொரு ஒருபக்கத் தலைவலியை அடையாளம் கண்டிருந்தார். அதில் வலி சில நிமிடங்கள் நீடிக்கும், இண்டோமெத்தசின் என்ற மாத்திரைக்கு முழுமையாக அடங்கிவிடும். புதிய நோயாளியின் வலியோ அதைவிடக் குறுகியது, இண்டோமெத்தசினுக்கும் அசையவில்லை. ஆகவே இது தனி நோய் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1989இல் அவரும் குழுவினரும் மேலும் சில நோயாளிகளைச் சேர்த்து விரிவாக விவரித்தார்கள். 2004இல் வந்த சர்வதேசத் தலைவலி வகைப்பாட்டின் இரண்டாம் பதிப்பில் இது இடம்பிடித்தது.

கண்ணீர் ஏன் வருகிறது

முகத்தின் தொடு உணர்வையும் வலியையும் மூளைக்குக் கொண்டுசெல்வது முக்கிளை நரம்பு. ட்ரைஜெமினல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல் பல்வரிசைக்கும், மூன்றாவது கீழ்த் தாடைக்கும் பிரிந்து செல்கின்றன. சங்க்ட், சூனா இரண்டிலும் வலி பெரும்பாலும் முதல் கிளையின் எல்லைக்குள் எழுகிறது.

அந்த வலிச் செய்தி மூளைத்தண்டை அடையும்போது, அங்குள்ள இன்னொரு நரம்புத் தொகுதியும் அனிச்சையாகக் கிளர்ந்தெழுகிறது. அந்தத் தொகுதியின் இழைகள் முகத்தசை நரம்பு வழியாக வெளியே வந்து, மூக்கின் பின்புறமுள்ள ஒரு நரம்பு முடிச்சைத் தொட்டு, கண்ணீர்ச் சுரப்பிக்கும் கண், மூக்கின் ரத்தக்குழாய்களுக்கும் போய்ச் சேர்கின்றன. சுரப்பி கண்ணீரைக் கொட்டுகிறது. ரத்தக்குழாய்கள் விரிவதால் கண் சிவக்கிறது, மூக்கு அடைக்கிறது. கண்ணில் தூசியோ கிருமியோ இல்லாமலே கண் கலங்குவதற்குக் காரணம் இதுதான். அதனால் கண் சொட்டு மருந்து இதில் பயன் தருவதில்லை.

இந்த அனிச்சைச் செயலைத் தூண்டிவிடுவதில் மூளையின் ஆழத்திலுள்ள ஹைபோதலாமஸ் என்ற பகுதிக்கும் பங்குண்டு. வலி வரும் நேரத்தில் ஒரு சங்க்ட் நோயாளியின் மூளையைப் படமெடுத்தபோது, வலிக்கும் பக்கத்து ஹைபோதலாமஸ் பகுதியில் ரத்த ஓட்டம் கூடியிருந்தது 1999இல் பதிவானது. மூளைக்குள்ளிருந்து வரும் தூண்டுதலோடு, சிலருக்கு வெளியிலிருந்தும் ஒரு காரணம் சேர்ந்துகொள்கிறது. முக்கிளை நரம்பு மூளைத்தண்டை விட்டு வெளிவரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் அழுந்திக்கொண்டிருக்கும். வலிக்கும் பக்கத்து நரம்பில் இத்தகைய அழுத்தம் மறுபக்கத்தைவிட அதிகமாகக் காணப்படுவதை அண்மை ஆண்டுகளின் எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியுள்ளன.

வலியின் வடிவமும் தூண்டும் செயல்களும்

சர்வதேச வகைப்பாட்டின்படி ஒவ்வொரு தாக்குதலும் ஒரு நொடி முதல் 600 நொடி வரை, அதாவது பத்து நிமிடம் வரை நீடிக்கலாம். மூன்று வடிவங்களில் அது வருகிறது. ஒன்று, தனித்த ஒரே குத்து. இரண்டாவது, அடுத்தடுத்து வரும் குத்துகளின் தொடர். இதில் ஒவ்வொரு குத்துக்கும் இடையே வலி முழுமையாக நீங்கும். மூன்றாவதில் குத்துகள் தொடர்ந்து வந்தாலும் இடையில் வலி அடிமட்டத்துக்கு இறங்குவதில்லை. வரைந்து பார்த்தால் ரம்பப் பல் போல ஏறி இறங்கும். இந்த மூன்றாவது வடிவம் சில நிமிடங்கள் நீடிப்பதால் வேறு நோய் என்று தவறாக எண்ணப்படுவதுண்டு. நோயாளியிடம் “எவ்வளவு நேரம் வலித்தது?” என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த நேரத்துக்குள் வலி எப்படி நடந்துகொண்டது என்றும் கேட்க வேண்டும்.

நோயைக் கணிக்கக் குறைந்தது இருபது தாக்குதல்கள் நடந்திருக்க வேண்டும். நோய் தீவிரமாக இருக்கும் காலத்தில் நாளுக்கு ஒன்றாவது வர வேண்டும். சிலருக்கு வாரக்கணக்கில் வந்து மறைந்து, மூன்று மாதமோ அதற்கு மேலோ வலியே இல்லாமல் இருக்கும். வேறு சிலருக்கு ஓராண்டுக்கு மேல் அப்படியொரு நீண்ட ஓய்வே கிடைக்காது. அது நாள்பட்ட வகை.

பல தாக்குதல்கள் தானாக வருகின்றன. ஆனால் முகம் கழுவுதல், பல் துலக்குதல், மெல்லுதல், தலை வாருதல், சவரம் செய்தல், நெற்றியில் திருநீறு பூசுதல், வண்டியில் போகும்போது முகத்தில் காற்று படுதல் போன்ற மிகச் சாதாரணச் செயல்களும் வலியைக் கிளப்பிவிடலாம். நோய் முற்றியிருக்கும் நாள்களில் சிலர் குளிக்கவும் சாப்பிடவுமே அஞ்சுவது இதனால்தான்.

எதிலிருந்து பிரித்தறிவது

ஒருபக்க வலியும் கண்ணீரும் சேர்ந்துவரும் நோய்கள் வேறு சிலவும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிரித்தறிய மிகவும் உதவுவது கடிகாரம்தான்.

கொத்துத் தலைவலியில் ஒரு தாக்குதல் 15 நிமிடம் முதல் மூன்று மணி நேரம் வரை நீடிக்கும்; நாளுக்கு எட்டுக்கு மேல் வராது. நோயாளி ஓரிடத்தில் இருக்க முடியாமல் நடந்துகொண்டேயிருப்பார். ஆக்சிஜனும் சுமாட்ரிப்டான் ஊசியும் அதற்குப் பலன் தரும். ஷோஸ்டாட் முதலில் கண்டறிந்த ஒருபக்கத் தலைவலியில் தாக்குதல் 2 முதல் 30 நிமிடம் வரை நீடிக்கும். இண்டோமெத்தசின் அதை முழுவதும் நிறுத்திவிடும். சங்க்ட் இவ்விரண்டையும்விடக் குறுகியது, எண்ணிக்கையில் மிக அதிகம். ஆனால் ரம்பப் பல் வடிவமுள்ள நீண்ட தாக்குதல்களின் கால அளவு இண்டோமெத்தசினுக்கு அடங்கும் தலைவலியின் கால அளவோடு மோதுகிறது. அங்கே கடிகாரம் மட்டும் போதாது. அதனால் பல மருத்துவர்கள் சில நாள்களுக்கு இண்டோமெத்தசினைப் போதிய அளவில், இரைப்பைக்குப் பாதுகாப்பு மாத்திரையோடு கொடுத்துப் பார்க்கிறார்கள். வலி முற்றாக நின்றால் நோய் அதுதான். சிறிதும் அசையாவிட்டால் சங்க்ட் பக்கம் எண்ணம் திரும்பும்.

மிகவும் குழப்புவது முக்கிளை நரம்பு வலி. மின்சாரம் பாய்ந்தது போன்ற நொடி நேர வலி, தொட்டாலே தூண்டப்படுவது என இரண்டும் ஒத்திருக்கின்றன. ஆனால் நரம்பு வலி பெரும்பாலும் கன்னத்திலும் தாடையிலும் வரும். கண்ணீரும் சிவப்பும் பொதுவாக இராது, இருந்தாலும் லேசாக இருக்கும். இன்னொரு நுட்பமான வேறுபாடும் உண்டு. நரம்பு வலியில் ஒருமுறை தூண்டப்பட்ட பிறகு சிறிது நேரத்துக்கு அதே இடத்தைத் தொட்டாலும் வலி வராது. சங்க்ட் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அந்த இடைவேளை இல்லை. ஒரு தாக்குதல் முடிந்ததுமே அடுத்ததைத் தூண்டிவிடலாம்.

கண்ணீரும் சிவப்பும் எதுவும் இல்லாமல், தலையில் இடம் மாறி மாறி ஓரிரு நொடிகள் மட்டும் குத்தி மறையும் வலி பலருக்கு உண்டு. அது வேறொரு வகை, பெரும்பாலும் தீங்கில்லாதது.

உடனே கவனிக்க வேண்டிய நிலை ஒன்று உண்டு. கண் சிவந்து, பார்வை மங்கி, விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரிந்து, வலி மணிக்கணக்கில் தொடர்ந்து, வாந்தியும் சேர்ந்தால் அது கண் அழுத்தம் திடீரென உயர்ந்ததன் அடையாளமாக இருக்கலாம். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். சங்க்ட்டில் தாக்குதல்களுக்கு நடுவே கண் பெரும்பாலும் இயல்பாகவும் பார்வை தெளிவாகவும் இருக்கும்.

முதலில் எம்.ஆர்.ஐ.

சங்க்ட் அல்லது சூனா என்று ஐயம் எழுந்தால் மூளை எம்.ஆர்.ஐ. எடுப்பது கட்டாயம். மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் கட்டியும், மூளையின் பின்பகுதியில் உள்ள கோளாறுகளும் இதே அறிகுறிகளை உண்டாக்கக்கூடியவை. ஆகவே படமெடுக்கும்போது பிட்யூட்டரியைத் தனியாகக் காட்டும் தளங்களும், முக்கிளை நரம்பையும் அதை ஒட்டிய ரத்தக்குழாய்களையும் மெல்லிய அடுக்குகளாகக் காட்டும் தளங்களும் வேண்டும் என்று மருத்துவர் சீட்டில் குறிப்பிட வேண்டும். பொதுவான தலைப் படம் இவற்றைத் தவறவிட்டுவிடலாம். பிட்யூட்டரி ஹார்மோன்களுக்கான ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வது வழக்கம். புரோலாக்டின் சுரக்கும் கட்டி இருந்தால், அதைச் சுருக்கக் கொடுக்கும் மாத்திரைகளே சிலருக்குத் தலைவலியைக் கூட்டிவிடுவதும் அறியப்பட்டுள்ளது.

ஏன் வழக்கமான மாத்திரைகள் உதவுவதில்லை

பாரசிட்டமால் மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும். சங்க்ட் தாக்குதல் அதற்குள் பலமுறை வந்து போயிருக்கும். ஆக, வலி வந்த பிறகு மருந்து போட்டு அதை நிறுத்துவது என்ற முறையே இங்கே பொருந்தாது. ஆக்சிஜனும் சுமாட்ரிப்டானும் பயன் தருவதில்லை. தினமும் மருந்து எடுத்து, தாக்குதல் எழாமலே தடுப்பதுதான் சிகிச்சை.

இந்தத் தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவை வலிப்பு நோய்க்கு உருவானவை. நரம்புச் செல்லின் சோடியம் வாயில்களை அடக்கி, அளவுக்கு மீறித் துடிக்கும் நரம்பைத் தணிப்பது இவற்றில் பலவற்றின் பொதுவான செயல். நோய் அரிதாக இருப்பதால் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகள் இல்லை. மருத்துவர்கள் பின்பற்றும் வரிசை பெரும்பாலும் நோயாளிகளின் தொடர் பதிவுகளிலிருந்து வந்தது.

முதல் இடத்தில் இருப்பது லாமோட்ரிஜின். சங்க்ட் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது ஓரளவாவது பலன் தருவதாகப் பதிவுகள் காட்டுகின்றன. இதன் குறை, மெதுவாகவே அளவைக் கூட்ட முடியும் என்பது. பொதுவாக முதல் இரண்டு வாரம் நாளுக்கு 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50 மி.கி., பிறகு ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி 100 முதல் 400 மி.கி. வரை போவார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் தோல் தடிப்பு வரும் ஆபத்து கூடும். சாதாரணத் தடிப்பு பலருக்கு வரலாம். ஆனால் ஆயிரத்தில் ஓரிருவர் என்ற அளவில் அது வாய், கண் சவ்வுகளைப் புண்ணாக்கித் தோலை உரிக்கும் உயிராபத்தான நிலையாக மாறக்கூடும். பெரும்பாலும் முதல் எட்டு வாரத்துக்குள் இது நிகழ்கிறது. அதனால் தடிப்போ, காய்ச்சலோடு வாய்ப்புண்ணோ தென்பட்டால் அடுத்த வேளை மருந்தை எடுக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இதில் அடிக்கடி நடக்கும் இரண்டு தவறுகள் உண்டு. வால்புரோயேட் மாத்திரை ஏற்கெனவே எடுப்பவரின் உடலில் லாமோட்ரிஜின் இரட்டிப்பாகத் தேங்கும். அவருக்குத் தொடக்க அளவு 25 மி.கி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். இன்னொன்று, ஊருக்குப் போய் ஒரு வாரம் போலத் தொடர்ந்து மாத்திரையைத் தவறவிட்டவர், விட்ட இடத்திலிருந்தே முழு அளவில் தொடங்குவது. அப்படித் தொடங்கக் கூடாது; மருத்துவரைக் கேட்டு மீண்டும் சிறிய அளவிலிருந்தே ஏற வேண்டும்.

லாமோட்ரிஜின் போதாதபோது டோபிரமேட், கபாபென்டின், ஆக்ஸ்கார்பசெபின், கார்பமசெபின், டுலாக்சிடின் ஆகியவை தனியாகவோ சேர்த்தோ பயன்படுத்தப்படுகின்றன. சூனா நோயாளிகளில் கபாபென்டினுக்குப் பலன் தெரிவது அதிகம் பதிவாகியுள்ளது. அது தூக்கத்தையும் தலைசுற்றலையும் தரும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கார்பமசெபினும் ஆக்ஸ்கார்பசெபினும் ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். வயதானவர்கள் மந்தமாகவோ குழப்பமாகவோ ஆனால் சோடியத்தைப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு மரபணு வகை உடைய ஆசியர்களுக்குக் கார்பமசெபினால் கடும் தோல் எதிர்வினை வரும் ஆபத்து அதிகம் என்பதால், தொடங்கும் முன் மரபணுப் பரிசோதனையைச் சில மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

டோபிரமேட் விரல்களில் மதமதப்பு, எடை குறைவு, சொல் நினைவுக்கு வராமை, சிறுநீரகக் கல் ஆகியவற்றை உண்டாக்கலாம். இந்த நோயில் தனியாக நினைவில் வைக்க வேண்டியது ஒன்று: அரிதாக டோபிரமேட்டே கண் அழுத்தத்தைத் திடீரென உயர்த்தும். மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் கண் சிவந்து, வலித்து, பார்வையும் மங்கினால், பழைய தலைவலிதான் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. நொடிகளில் மறையாத சிவப்பும் பார்வை மங்கலும்தான் வேறுபடுத்தும் அடையாளம். கர்ப்பமாக இருப்பவரும் கர்ப்பம் தரிக்க விரும்புபவரும் டோபிரமேட், வால்புரோயேட் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டியிருப்பதால், மருந்தைத் தேர்வதற்கு முன்பே அதை மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு மாதிரி எடுத்துக்காட்டு

இந்த நோய் எப்படி நகர்கிறது என்பதைக் காட்ட, பல நோயாளிகளிடம் பொதுவாகக் காணப்படும் போக்கை ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்கலாம். 48 வயதுள்ள ஒரு தையற்காரர். வலக் கண்ணுக்கு மேலே குத்தும் வலி, ஒவ்வொன்றும் முப்பது, நாற்பது நொடி. ஆறு மாதமாகச் சைனஸ் மருந்து, ஒரு பல் பிடுங்கல், பின்னர் மைக்ரேன் மாத்திரை எல்லாம் ஆகிவிட்டது. நரம்பியல் மருத்துவர் அவரிடம் இரண்டு வேலை கொடுக்கிறார். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு குத்துக்கும் நோட்டில் ஒரு கோடு போட வேண்டும். சிலவற்றின் நேரத்தையும், முகம் கழுவியதாலா, தானாகவா என்பதையும் எழுத வேண்டும். வலி வரும்போது மனைவி அவர் முகத்தைக் கைப்பேசியில் படம் பிடிக்க வேண்டும்.

மறுவாரம் நோட்டில் நாளுக்கு நாற்பது கோடுகளுக்கு மேல் இருக்கின்றன. படத்தில் வலக் கண் மட்டும் சிவந்து நீர் வழிவதும், முக்கால் நிமிடத்தில் தெளிவதும் தெரிகிறது. வலி இல்லாத நேரத்தில் மருத்துவர் சோதித்தால் ஒன்றும் தெரியாத நோய் இது என்பதால், இந்தப் படம் பெரிய சான்று. இண்டோமெத்தசின் கொடுத்துப் பார்த்ததில் மாற்றமில்லை. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரி இயல்பாக இருக்கிறது. லாமோட்ரிஜின் 25 மி.கி.யில் தொடங்குகிறது. முதல் நான்கு வாரத்தில் கோடுகள் குறையவே இல்லை. இந்தக் கட்டத்தில்தான் பலர் மருந்து கேட்கவில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் மருந்து இன்னும் பலன் தரும் அளவையே எட்டவில்லை. 150 மி.கி.யில் கோடுகள் இருபதாகின்றன, 200 மி.கி.யில் நாளுக்கு இரண்டு, மூன்று. அதற்கு மேல் ஏற்றாமல் அங்கேயே நிறுத்தப்படுகிறது. மருந்தின் அளவைத் தீர்மானித்தது நோட்டிலிருந்த கோடுகளின் எண்ணிக்கை.

மாத்திரை எட்டாதபோது

லாமோட்ரிஜின் ஏறும் வாரங்களில் வலி தாங்க முடியாமல் போனால், இடைக்காலத்துக்கு மருத்துவமனையில் சேர்த்து லிடோகெய்ன் மருந்தைச் சிரை வழியாகத் தொடர்ந்து செலுத்துகிறார்கள். சில மணி நேரத்திலேயே தாக்குதல்கள் அடங்கிவிடலாம். ஆனால் அது இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடியது, மனக்குழப்பமும் உண்டாக்கலாம். ஆகவே இ.சி.ஜி. கண்காணிப்பு உள்ள இடத்தில் மட்டுமே, சில நாள்களுக்கு மட்டுமே தரப்படும். பலருக்கு மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பிவிடும். அதற்குள் தடுப்பு மாத்திரை உரிய அளவை எட்டியிருக்க வேண்டும். தலையின் பின்புறத்து நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தும் ஸ்டீராய்டும் சேர்த்துப் போடும் ஊசியும் இதே போன்ற இடைக்கால உதவியாகப் பயன்படுகிறது.

பல மருந்துகளும் தோற்றபிறகே அறுவை சிகிச்சை பேசப்படுகிறது. எம்.ஆர்.ஐ.யில் வலிக்கும் பக்கத்து முக்கிளை நரம்பின்மேல் ரத்தக்குழாய் அழுந்தியிருப்பது தெளிவாகத் தெரிந்தால், காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டு, ரத்தக்குழாயை நரம்பிலிருந்து விலக்கி நடுவே சிறு திண்டு வைக்கும் அறுவை சிகிச்சை செய்யலாம். தேர்ந்தெடுத்த நோயாளிகளில் இது நீண்ட நாள் விடுதலை தந்திருக்கிறது. கேட்கும் திறன் பாதிக்கப்படுவதும் முகம் மரத்துப்போவதும் இதன் ஆபத்துகள். அழுத்தம் தெரியாதவர்களுக்குப் பிடரி நரம்பைத் தூண்டும் கருவியும், ஒரு சில மையங்களில் மூளையின் ஆழத்தைத் தூண்டும் மின்முனையும் பொருத்தப்படுகின்றன.

விட்டுவிட்டு வரும் வகை உள்ளவர்களுக்கு மருந்து காலம் முழுவதும் தேவைப்படுவதில்லை. சில மாதங்கள் கோடே இல்லாமல் கடந்தபின், மருத்துவர் சொல்லும்படி அளவைப் படிப்படியாக இறக்கி நிறுத்திப் பார்க்கலாம். திடீரென நிறுத்துவது கூடாது. வலி திரும்பினால், முன்பு பலன் தந்த மருந்தையும் அளவையும் குறித்த சீட்டைக் கொண்டுபோனால், தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் லாமோட்ரிஜினாக இருந்தால் ஏறுவது மட்டும் மீண்டும் 25 மி.கி.யிலிருந்துதான்.